மழைக்காலத் தையற்காரர் கதைக்கு ஒரு தொழில் ஐயம்

தையல் தொழிலறிந்த நண்பர்களுக்கு வணக்கம். நான் எழுதிவரும் சிறுகதையில், மழைக்காலத்தில் புதுத்துணி தைக்க எவரும் வராமல், பட்டன் தைத்துக் கொடுப்பதிலேயே நாளை ஓட்டும் தையற்காரர் ஒருவர், கம்பி முறிந்த குடைகளின் துணியைப் பிரித்தெடுத்துப் பள்ளிப் பைகளுக்கு மழையுறை தைக்கத் தொடங்குகிறார். முதல் உறை தையல் வழியே ஒழுகிவிடுகிறது. ஊசி இறங்கிய துளை அத்தகைய துணியில் மூடிக்கொள்ளாது என்பதால், பிரித்து மீண்டும் தைத்தால் ஒழுகல் கூடவே செய்யும். ஆகவே, அடுத்த உறையில் விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மெல்லிய ஊசியால், துளைகள் குறையும்படி தையலைச் சற்று நீளமாக வைத்துத் தைப்பதாக எழுதியுள்ளேன். அதன்மேல் மெழுகு தேய்த்தால் பெருமழைக்குத் தாங்குமா, அல்லது உட்புறம் நாடா ஒட்டியே தீர வேண்டுமா என்பதை, செய்து பார்த்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். தாங்காது என்றால் கதையையே மாற்றிவிடுவேன்.