23,400 ரூபாய் எங்கே ஒளிந்திருந்தது?

ஈரோட்டுக்காரன்:
போன ஏப்ரலில் ஒரு நூல் வியாபாரியின் கணக்கைப் பழைய சாஃப்ட்வேரிலிருந்து டேலிக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. மார்ச் 31 இருப்பை லெட்ஜர் லெட்ஜராக ஓப்பனிங் பேலன்ஸ் போட்டு முடித்துப் பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தால், லயபிலிட்டி பக்கத்தின் அடியில் Difference in opening balances என்று 23,400 உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் டெபிட் கூடிப்போச்சு என்று அர்த்தம், அதாவது ஏதோ ஒரு டெபிட் இரண்டு முறை விழுந்திருக்க வேண்டும் அல்லது ஒரு கிரெடிட் விட்டுப்போயிருக்க வேண்டும்.

முதலில் 23,400 என்ற தொகையையே தேடினேன். கிடைத்தது! கிரெடிட்டர் லிஸ்டில் ஒரு மில்லுக்கு முன்பணம் கொடுத்து, சரக்கு வராமல் டெபிட்டில் நிற்கிறது. ஆனால் டிரையல் பேலன்ஸ் பிரிண்ட்டிலும் அது அப்படியேதான் இருந்தது. சரி, இது இல்லை என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் சாயங்காலம் 140 லெட்ஜரையும் பேப்பரிலிருந்து டேலிக்கு ஒரு தடவை, டேலியிலிருந்து பேப்பருக்கு ஒரு தடவை டிக் அடித்தேன். பேப்பரில் இருப்பதெல்லாம் டேலியில் இருக்கு, டேலியில் இருப்பதெல்லாம் பேப்பரில் இருக்கு, 23,400 மட்டும் அசையவே இல்லை.

நான் தோற்ற இடத்தை முதலில் சொல்லிவிட்டேன், கண்டுபிடித்ததை அப்புறம் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

சேலத்துக் கணக்கன்:
இதில் என்ன இருக்கு தம்பி, 23,400-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்க, 2,600 மீதியில்லாமல் வருது. எங்கேயோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கீங்க. 9-ல் வகுபட்டாலே அதுதான்.

பழைய பேரேடு:
அப்படி அடித்துச் சொல்ல முடியாது. 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9-ல் வகுபடும், அது நிஜம். ஆனால் வகுபட்டாலே இலக்கம் மாறியதுதான் என்று திருப்பிச் சொன்னால் தப்பு, ஒன்பது தொகையில் ஒன்று சும்மாவே வகுபடும். நான் பார்க்கிற வரிசை இது: வித்தியாசத் தொகையே எங்காவது இருக்கா, அதில் பாதி இருக்கா (பக்கம் மாறிப் போட்டால் இரட்டிப்பாகத் தெரியும்), அதற்கப்புறம்தான் ஒன்பது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கைக்கணக்கு. நாளேட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பேரேட்டுப் பக்க எண் போட ஒரு சின்னக் கட்டம் இருக்கும், பதிந்த பிறகுதான் அதில் எண் எழுதவேண்டும். ஒரு வருஷம் 1,275 உதைத்தது. முதலாளி அனாமத்தில் போட்டு மூடச் சொன்னார், எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டலை எல்லாம் விட்டுவிட்டு அந்தக் கட்டங்களை மட்டும் விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் வரியில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. வண்டி வாடகை, பேரேட்டுக்குப் போகவே இல்லை. தம்பி, உங்க மில் 23,400-ஐ அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்கக் கூடாது என்று தோணுது.

ஹார்டுவேர் கடை:
எங்க கடையில் இதே கதைதான். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பையன் இரண்டு தடவை இம்போர்ட் பண்ணிட்டான், ஜூலை மாசப் பேமென்ட் எல்லாம் டபுள். பேங்க் பேலன்ஸ் மைனஸில் போனதும்தான் தெரிஞ்சது.

பழைய பேரேடு:
அது வேறங்க. முழு வவுச்சர் இரண்டு முறை விழுந்தால் டெபிட்டும் கிரெடிட்டும் சேர்ந்தே விழும், பேலன்ஸ் ஷீட் சமமாகத்தான் நிற்கும். தப்பான கணக்கு, ஆனால் டேலி ஆகும். உங்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது பேங்க், பேலன்ஸ் ஷீட் இல்லை. தம்பிக்கு வந்திருப்பது ஒரு பக்கம் மட்டும் விழுந்த கேஸ், ஓப்பனிங் பேலன்ஸ் போடும்போது அது சுலபமாக நடக்கும்.

அப்பார்ட்மென்ட் பொருளாளர்:
நான் கணக்குப் படித்தவள் இல்லை, எங்கள் பிளாக் வரவு செலவை எக்செலில் வைத்திருக்கிறேன். போன வருஷம் 6,850 குறைந்தது. வரி இருக்கு, தொகை கண்ணுக்குத் தெரியுது, ஆனால் கூட்டலில் மட்டும் சேரவில்லை. கடைசியில் பார்த்தால் லிஃப்ட் பராமரிப்புத் தொகையை எங்கிருந்தோ காப்பி பண்ணியதில் பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வந்து, எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது. SUM அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இப்போது கூட்டலுக்குக் கீழே இதைப் போட்டு வைத்திருக்கிறேன், 0 வரவில்லை என்றால் எண் மாதிரி வேஷம் போட்ட ஏதோ ஒன்று உள்ளே இருக்கு:

```
=COUNTA(C5:C60)-COUNT(C5:C60)
```

ஈரோட்டுக்காரன்:
பேரேடு ஐயா சரியாகப் பிடித்துவிட்டார், அந்த 23,400-தான்.

மூன்றாம் நாள் எங்கள் ஆபீஸ் சீனியரிடம் போனேன். அவர் லெட்ஜரைப் பார்க்கவே இல்லை. "எந்தப் பேப்பரை வச்சுப் போட்டே?" என்று மட்டும் கேட்டார். டெப்டார், கிரெடிட்டருக்கு டிரையல் பேலன்ஸ் பிரிண்ட், சொத்து, கடன், அட்வான்ஸுக்கு ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட்டின் ஷெட்யூல், இரண்டும் அதே மார்ச் 31 தானே என்றேன். சிரித்துவிட்டு, குரூப் மொத்தத்தை மட்டும் ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட்டோடு ஒப்பிடச் சொன்னார். எட்டே எட்டு எண். ஏழு சரி. கிரெடிட்டர் மட்டும் ஆடிட்டில் 6,12,300, டேலியில் 5,88,900.

நடந்தது இதுதான். மில்லுக்குக் கொடுத்த முன்பணம் டிரையல் பேலன்ஸில் கிரெடிட்டர் குரூப்புக்குள்ளேயே டெபிட்டாக இருந்தது. ஆடிட்டர் அதைக் கிரெடிட்டரிலிருந்து பிரித்து, சொத்துப் பக்கம் அட்வான்ஸ் என்று காட்டியிருக்கிறார், அது முறைதான். நான் இரண்டு பேப்பரிலிருந்தும் எடுத்ததால் ஒரே பணம் இரண்டு இடத்தில் விழுந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேப்பர் ஆதாரம் இருந்ததால் எத்தனை தடவை டிக் அடித்தாலும் மாட்டாது. இதில் கொடுமை, அட்வான்ஸ் போடும்போது அந்த மில் பெயரை டேலி ஏற்கவில்லை, ஏற்கெனவே இருக்கு என்றது. நான் பெரிய புத்திசாலி மாதிரி பெயருக்குப் பின்னால் Adv என்று சேர்த்துப் போட்டுத் தாண்டியிருக்கிறேன்! அங்கேயே நின்று யோசித்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

பழைய பேரேடு:
இரண்டில் எதை எடுத்தீங்க?

ஈரோட்டுக்காரன்:
Adv லெட்ஜரின் ஓப்பனிங்கைப் பூஜ்யம் ஆக்கினேன். நாளைக்கு மில் பில் போட்டால் கிரெடிட்டர் லெட்ஜரில்தானே வரும், முன்பணம் அங்கேயே இருந்தால் தானாகக் கழிந்துவிடும். ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் போன வருஷக் குரூப்பிங்கோடு ஒத்துப்போகவில்லை, மொத்தமே இரண்டு பக்கமும் 23,400 குறைவாகக் காட்டுது என்று முணுமுணுத்தார்கள்.

பழைய பேரேடு:
நானாக இருந்தால் அட்வான்ஸில் விட்டுவிட்டு, பில் வரும்போது ஒரு ஜர்னல் போடுவேன். போன வருஷ இறுதி இருப்புதான் இந்த வருஷ ஆரம்பம், அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும்.

அப்பார்ட்மென்ட் பொருளாளர்:
அந்த ஜர்னல் போட ஞாபகம் இருக்குமா ஐயா? எனக்கு இருக்காது.

சேலத்துக் கணக்கன்:
சரி, ஒன்பதை நம்பி எங்க கடையில் ஒரு 450-ஐ மார்ச்சிலிருந்து தேடிக்கிட்டு இருக்கேன், இன்னும் அனாமத்தில்தான் கிடக்கு. இன்னைக்கு ராத்திரி குரூப் மொத்தம் பார்க்கிறேன். எங்களுக்கும் இரண்டு பேப்பர்தான்.