விற்றது 11,550, வங்கியில் விழுந்தது 8,832.08

மாட்டுங்கா பாத்திரக் கடை

பித்தளை ஃபில்டர், குத்துவிளக்கு, வெண்கல உருளி விற்கிற கடை எங்களுடையது. அப்பா காலத்திலிருந்து கல்லாப்பெட்டி வியாபாரம்தான். போன மாதம் சொந்தமாக இணையக் கடை திறந்தேன். வாடிக்கையாளர் இணையத்தில் கட்டும் பணத்தை வாங்கி எனக்கு அனுப்பும் பேமென்ட் கேட்வேக்காரர் "கமிஷன் இரண்டு சதவீதம்" என்றார். இரண்டு சதவீதத்தைக் கணக்குப் போட எனக்குத் தெரியாதா என்று மேற்கொண்டு எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை நான்கு ஆர்டர்கள் வந்தன, மொத்தம் 11,550 ரூபாய். இரண்டு சதவீதம் 231 போக, புதன்கிழமை 11,319 வரும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். வங்கியில் விழுந்தது 8,832 ரூபாய் 8 காசு. 2,487 ரூபாயைக் காணவில்லை. கேட்வேக்காரரைத் திட்டத் தொலைபேசியை எடுத்தேன். "முதலில் அவன் அனுப்பிய கணக்கைப் பார், அப்புறம் திட்டு" என்றார் அப்பா.

தவறு நான் தேடிய விதத்தில்தான் இருந்தது. திங்கட்கிழமை விற்பனையைப் பிடித்துக்கொண்டு தேடினால் எதுவும் பொருந்தாது. வங்கியில் விழுந்த தொகையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பாஸ்புக்கில் அந்த வரவுக்கு எதிரே, அந்தப் பணப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யு.டி.ஆர். எண் இருக்கும். கேட்வே அனுப்பிய செட்டில்மென்ட் அறிக்கையில் அதே எண்ணைத் தாங்கிய வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். நான்கு வரி வரும் என்று நினைத்தேன், ஐந்து வந்தன.

```
type     amount   fee     tax    debit    credit
payment   850.00    0.00   0.00     0.00   850.00
payment  3200.00   75.52  11.52     0.00  3124.48
payment  1500.00   30.00   0.00     0.00  1470.00
payment  6000.00  212.40  32.40     0.00  5787.60
refund   2400.00    0.00   0.00  2400.00     0.00
```

ஐந்தாவது வரிதான் திருடன். முந்தைய வாரம் ஒரு குத்துவிளக்கு கூரியரில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளருக்கு 2,400 ரூபாயை நான்தான் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அதை என் வங்கிக் கணக்கிலிருந்து எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களோ அடுத்து எனக்கு வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொண்டார்கள். அந்த விளக்கு விற்றபோது பிடித்த கமிஷன் 48 ரூபாயும் அதன் வரி 8.64-ம் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

மீதி 87 ரூபாய்க்குக் காரணம் இரண்டு. 6,000 ரூபாய் உருளியை வாங்கியது நியூ ஜெர்சியில் இருக்கும் மருமகள், இங்கே இருக்கும் மாமியாருக்காக. வெளிநாட்டு கார்டுக்கு 3 சதவீதம். இன்னொன்று கமிஷன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. விற்பனைத் தொகை மீது அல்ல, கமிஷன் மீது மட்டும். யு.பி.ஐ.யில் வந்த 850 ரூபாய்க்குக் கமிஷன் பிடிக்காததால் அதில் 17 ரூபாய் மிச்சமானது, இல்லாவிட்டால் 87 இன்னும் கூடியிருக்கும்.

இவ்வளவும் புரிந்த பிறகு `fee`, `tax` இரண்டையும் கூட்டிக் கழித்தேன். இப்போது வங்கியில் 43.92 ரூபாய் அதிகமாக வந்திருப்பதாகக் கணக்கு சொன்னது! அதிகம் வந்தால் மனிதன் தூங்கிவிடுவான், எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாராவி தோல்பை

அண்ணாச்சி, உங்கள் யு.பி.ஐ. பதிவில் கமிஷன் பூஜ்யமாக இருக்கிறதே, கொடுத்து வைத்தவர். எனக்குச் சில யு.பி.ஐ. வரிகளில் கமிஷன் பிடித்திருக்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து யு.பி.ஐ.க்குக் கமிஷனே கிடையாது என்பது சட்டம். இது முழுக்க முழுக்க ஏமாற்று வேலை, புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முலுண்ட் புடவை

எனக்கும் இதே கதைதான். மாதாமாதம் விற்பனைப் பணத்திலிருந்தே 0.5 சதவீதம் டி.சி.எஸ். வரி என்று தனியாகப் பிடிக்கிறார்கள். அது உங்கள் அறிக்கையில் எந்த வரியில் இருக்கிறது? கவனமாகத் தேடிப் பாருங்கள், கட்டாயம் இருக்கும்.

செம்பூர் கணக்கர்

முலுண்ட் அம்மா, நீங்கள் விற்பது பெரிய சந்தைத் தளத்தின் வழியாக. அங்கே தளக்காரர் உங்கள் சார்பில் பணம் வாங்குவதால் டி.சி.எஸ். பிடிக்கிறார். மாட்டுங்காக்காரர் தன் சொந்தக் கடையில் விற்கிறார். அவருடைய அறிக்கையில் அந்த வரி இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மாட்டுங்கா தம்பி, உங்கள் 43.92-க்கு விடை எளிது. உங்கள் கேட்வேயின் `fee` என்பது வரியையும் சேர்த்த தொகை. `tax` அதற்குள் எவ்வளவு வரி என்று பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் வரியை இரண்டு தடவை கழித்துவிட்டீர்கள். எல்லா கேட்வேயும் இப்படிக் காட்டுவதில்லை. சிலர் கமிஷனைத் தனியாகவும் வரியைத் தனியாகவும் போடுகிறார்கள். ஒரே ஒரு உள்நாட்டு கார்டு பதிவை எடுத்துக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,200-க்கு 2 சதவீதம் 64. `fee`-யில் 64 இருந்தால் வரி வெளியே, 75.52 இருந்தால் வரி உள்ளே. கேட்வே மாற்றினால் மறுபடியும் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

1,500 ரூபாய் பதிவில் `tax` ஏன் பூஜ்யம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கார்டு பரிவர்த்தனை 2,000 ரூபாய் வரை இருந்தால் அதன் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கேட்வே நிறுவனங்களுக்கு அது பொருந்துமா என்ற சண்டை வெகுநாள் நடந்தது. பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும் என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவுபடுத்தியது.

தாராவி தம்பி, புகாரை அனுப்புவதற்கு முன் அந்த வரிகளைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்துக் கட்டியிருந்தால் யு.பி.ஐ. என்றுதான் காட்டும், கமிஷனும் உண்டு. சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரைதான் அதில் சலுகை. சட்டம் தடுப்பது சாதாரண யு.பி.ஐ., ரூபே டெபிட் கார்டு ஆகியவற்றின் கமிஷனை. தன் தளத்துக்கான கட்டணம் என்று கேட்வே வேறு பெயரில் வாங்கினால் என்ன செய்வது என்பதில் எனக்கும் என் பங்குதாரருக்குமே ஒத்துப்போவதில்லை.

தாராவி தோல்பை

திறந்து பார்த்தேன் ஐயா. மூன்றில் இரண்டு நீங்கள் சொன்ன ரூபே கிரெடிட் கார்டுதான். மூன்றாவது வெறும் 640 ரூபாய், வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து நேராக வந்தது. அதற்கு மட்டும் புகார் போகிறது.

மாட்டுங்கா பாத்திரக் கடை

கையால் போட்டுப் பார்த்தேன், 75.52 தான். `credit` எல்லாம் கூட்டி 2,400 கழித்தால் 8,832.08, காசு பிசகவில்லை. இன்னொரு சந்தேகம். விற்பனை நோட்டில் இந்த 8,832-ஐ எழுதினால் போதுமா?

செம்பூர் கணக்கர்

கூடவே கூடாது. விற்பனை 11,550. உங்கள் ஜி.எஸ்.டி. அந்த முழுத் தொகையைப் பொறுத்தது. திரும்பி வந்த விளக்குக்கு 2,400-க்குத் தனியாக கிரெடிட் நோட். கமிஷன் 274 உங்கள் செலவு. 43.92 நீங்கள் வரவு வைத்துக்கொள்ளக்கூடிய உள்ளீட்டு வரி, ஆனால் இந்த அறிக்கையைக் காட்டி அதைக் கேட்க முடியாது. கேட்வே மாதம் ஒருமுறை வரி இன்வாய்ஸ் தனியாகப் போடும். அதில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கணக்கு திறக்கும்போது பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பிறகு இந்தத் தொகை உங்களுக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரியைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் வரவே வராது.

மாட்டுங்கா பாத்திரக் கடை

காலியாகத்தான் விட்டிருக்கிறேன். இப்போது நிரப்பிவிட்டேன், போன மாத இன்வாய்ஸைத் திருத்தித் தர முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இந்த வாரச் செட்டில்மென்ட்டில் `adjustment` என்று ஒரு புது வரி, 17.70 ரூபாய் பற்று. ஆர்டர் எண்ணும் இல்லை, விளக்கமும் இல்லை. 15 ரூபாயும் 18 சதவீதமும் என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டேன். எதற்கு அந்தப் 15?