27 சதவீதம் உயர்ந்தது என்று எழுதலாமா? ஸ்லைடு 7-இன் அடிக்குறிப்பு

செல்வி_சாட்ஸ்வர்த்
எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் போன டெர்ம் ஒரு சோதனை செய்தோம். பிள்ளைகள் வீட்டில் பாடத்தை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக டீச்சருக்கு அனுப்ப வேண்டும். டெர்ம் முடிந்ததும் டீச்சர் 13 ஸ்லைடு போட்டார். அதை அரைப் பக்கமாகச் சுருக்கி நன்கொடையாளருக்கு அனுப்புவது என் வேலை. நான் எழுதியது: "குரல் பதிவு முறையால் மாணவர்களின் வாசிப்பு 27 சதவீதம் உயர்ந்தது. இதை எல்லா மையங்களுக்கும் விரிவாக்கலாம்." டீச்சர் படித்துவிட்டு "நான் இப்படிச் சொல்லவே இல்லையே" என்கிறார். எண் அவர் ஸ்லைடில் இருப்பதுதான்: 20-க்கு, தொடக்கச் சராசரி 11, முடிவுச் சராசரி 14. அனுப்புவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வெள்ளிக்கிழமை கெடு.

பீனிக்ஸ்_பாலா
11-லிருந்து 14 என்றால் 27 சதவீதம்தான், கணக்கு சரி. டீச்சருக்குக் கூச்சம், அவ்வளவுதான். நன்கொடையாளர் அரைப் பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார். "ஆனால், இருந்தாலும்" என்று இழுத்தால் காசு வேறு இடத்துக்குப் போய்விடும். கடைசியில் "இந்த ஆய்வுக்குச் சில வரம்புகள் உண்டு" என்று ஒரு வரி போடு, முழு ஸ்லைடையும் இணைத்துவிடு. யாரும் குறை சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை
செல்வி, ஸ்லைடு 7-இல் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? கடைசி இரண்டு மூன்று ஸ்லைடில் உள்ளதையும் அப்படியே இங்கே போடுங்கள். இன்னொன்று, டீச்சர் உங்களுக்கு அனுப்பியது பிடிஎஃப்பா, பவர்பாயின்ட் கோப்பா?

லெனேசியா_அக்கா
இந்த வாட்ஸ்அப் பாடமே எனக்குப் பிடிக்காது. என் மகன் வகுப்பிலும் இப்படித்தான். ஒவ்வொரு பதிவுக்கும் டேட்டா யார் தலையில்? என் போனைத்தான் கேட்கிறான். பழைய மாதிரி நேரில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால் என்ன?

செல்வி_சாட்ஸ்வர்த்
அக்கா, நான் கேட்டது சுருக்கத்தைப் பற்றி. :)

கணக்குப்பிள்ளை ஐயா, பிடிஎஃப்தான் வந்தது. ஸ்லைடு 7-இன் கீழே: "தொடக்கச் சராசரி பதிவு செய்த 40 பேருக்கு. முடிவுச் சராசரி தேர்வு எழுதிய 28 பேருக்கு." ஸ்லைடு 11: "ஒரு மையம், ஒரு டெர்ம். ஒப்பிட வேறு வகுப்பு இல்லை. பலன் இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது." ஸ்லைடு 12: "அடுத்த டெர்மில் இன்னும் ஒரு மையத்தில் செய்து பார்க்கலாம்." ஸ்லைடு 7-இன் தலைப்பு மட்டும் "குரல் பதிவு பலன் தருகிறது". அதைப் பார்த்துத்தான் நான் எழுதினேன்.

கணக்குப்பிள்ளை
சிக்கல் அந்த அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. 11 என்பது 40 பிள்ளைகளின் சராசரி, 14 என்பது 28 பிள்ளைகளின் சராசரி. நடுவில் 12 பேர் போய்விட்டார்கள். போனவர்கள் வாசிப்பில் தடுமாறுகிறவர்கள் என்று வையுங்கள். மீதிப் பேர் ஒரு எழுத்துகூடப் புதிதாகக் கற்காவிட்டாலும் சராசரி தானாக ஏறும். டீச்சரிடம் மதிப்பெண் தாள் இருக்கும். கடைசி வரை இருந்த அந்த 28 பேர் மட்டும் தொடக்கத்தில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

இனி உங்கள் இரண்டு வாக்கியத்துக்கு வருவோம். நான் செய்வது இதுதான்: சுருக்கத்தை அச்சிட்டு, எதையாவது உறுதியாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட்டு, பக்கத்தில் ஸ்லைடு எண்ணை எழுதுவேன். எண் எழுத முடியவில்லை என்றால் அது நம் கற்பனை. எழுத முடிந்தால் அந்த ஸ்லைடுக்குப் போய் தலைப்பை விட்டுவிட்டு உடலையும் அடிக்குறிப்பையும் வாசிப்பேன். "முறையால்" என்ற சொல்லில் வரும் "ஆல்" எந்த ஸ்லைடில் இருக்கிறது? எதிலும் இல்லை. ஒப்பிட வேறு வகுப்பு இல்லை என்று ஸ்லைடு 11 சொல்கிறதே. ஒரு டெர்ம் வகுப்புக்கு வந்தாலே பிள்ளைகள் கொஞ்சம் முன்னேறத்தான் செய்வார்கள். "மாணவர்களின்" என்றால் யார்? எல்லாரும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். "உயர்ந்தது" என்று முடித்துவிட்டீர்கள். டீச்சர் எழுதியது "இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது".

தமிழில் இது ஒரு தனித் தொல்லை. தயக்கம் முழுவதும் வினையின் வாலில் உட்கார்ந்திருக்கும். கூடும், லாம், போலும், தெரிகிறது எல்லாம் அங்கேதான். இடத்தைச் சுருக்க நாம் முதலில் வெட்டுவதும் அந்த வாலைத்தான். "உயர்ந்திருக்கலாம்" என்பது "உயர்ந்தது" ஆகும்போது நான்கைந்து எழுத்துதான் மிச்சம், ஆனால் சொன்ன விஷயமே வேறாகிவிடுகிறது.

பிடிஎஃப்பா என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. பேசும்போது சொல்லவேண்டிய எச்சரிக்கைகளைப் பலர் ஸ்லைடில் போடாமல் நோட்ஸில் எழுதி வைப்பார்கள். சாதாரணமாக பிடிஎஃப் ஆக்கினால் அந்த நோட்ஸ் கூட வராது. மூலக் கோப்பை வாங்கி, அச்சிடும் இடத்தில் `Notes Pages` என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

பீனிக்ஸ்_பாலா
ஐயா, இது நாற்பது பிள்ளைகள் படிக்கும் வார இறுதி வகுப்பு. மருந்துச் சோதனை இல்லை. நான் சொன்ன மாதிரி கடைசியில் வரம்புகள் வரி போட்டால் போதாதா?

மாரிட்ஸ்பர்க்_மணி
போதாது பாலா. அந்த வரியில் ஒரு தகவலும் இல்லை. "சில வரம்புகள் உண்டு" என்பதை உலகத்தில் எந்த அறிக்கையின் கீழும் ஒட்டலாம். "12 பேர் தேர்வு எழுதவில்லை" என்பதை இந்த ஒன்றின் கீழ்தான் ஒட்ட முடியும். அதுவும் எண் இருக்கும் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். ஏனென்றால் நன்கொடையாளர் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து அவருடைய குழுவுக்கு அனுப்புவார்.

நான் பொறியாளன், எனக்கு இதில் ஒரு பழைய உதாரணம் மறக்காது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு தைரியம் சொல்லும் தொனியில் இருந்தது. அதே ஸ்லைடின் அடியில், சோதித்த துண்டு 3 கன அங்குலம், மோதியது 1920 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது சோதனை செய்த எல்லைக்கு வெகு வெளியே. பிப்ரவரி 1 அன்று கலம் திரும்பும்போது சிதறி 7 பேர் இறந்தார்கள். விபத்தை விசாரித்த வாரியம் அந்த ஸ்லைடைத் தனியாகவே எடுத்துப் பேசியது. செல்வி தலைப்பை மட்டும் பார்த்து எழுதினேன் என்றதும் அதுதான் ஞாபகம் வந்தது.

பீனிக்ஸ்_பாலா
சனிக்கிழமை வகுப்பிலிருந்து விண்கலத்துக்கே போய்விட்டீர்கள். அங்கே ஸ்லைடு ஒன்றாலேயே விபத்து நடக்கவில்லை, வேறு பல காரணங்களும் இருந்தன.

மாரிட்ஸ்பர்க்_மணி
அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

ரவி_கத்ர்போர்ன்
மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். எனக்கு நேர்மாறாக நடந்தது. எங்கள் சங்கத்தின் மழைநீர்த் தொட்டித் திட்டத்துக்கு நான் சுருக்கம் எழுதினேன். தப்பு வரக்கூடாது என்ற பயத்தில் ஸ்லைடில் இருந்த எச்சரிக்கை அத்தனையும் உள்ளே போட்டேன். அளவுமானியின் பிராண்டு, ஒரு நாள் விட்டுப்போன பதிவு, எல்லாம். போதாததற்கு, ஸ்லைடில் உறுதியாக இருந்ததற்கும் நானே "ஒருவேளை" சேர்த்தேன். குழுவில் ஒருவர் "உங்களுக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறதே" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. பாலா சொல்வதை முழுசாகத் தள்ளிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
ரவி சொல்வது நியாயம். ஸ்லைடில் இல்லாத தயக்கத்தைச் சேர்ப்பதும் பிழைதான். எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வரி தெரிந்தால் படிப்பவர் வேறு முடிவு எடுப்பாரா? செல்வியின் நன்கொடையாளர் எல்லா மையத்துக்கும் காசு கொடுப்பதா என்று முடிவு செய்யப்போகிறார். 12 பேர் விலகியது, ஒப்பிட வகுப்பு இல்லாதது, டீச்சர் இன்னும் ஒரு மையம் மட்டுமே கேட்டது, மூன்றும் அந்த முடிவை மாற்றும். தேர்வு நாளில் மழை என்று எங்காவது இருந்தால் அதை விட்டுவிடலாம்.

செல்வி_சாட்ஸ்வர்த்
டீச்சர் தாளை எடுத்துப் பார்த்தார். அந்த 28 பேரின் தொடக்கச் சராசரி 12.5. விலகிய 12 பேருடையது 7.5. அப்படியானால் உண்மையில் ஏறியது ஒன்றரை மதிப்பெண்தானே? எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த 12.5 எந்த ஸ்லைடிலும் இல்லை. நான் சுருக்கத்தில் போடலாமா?

மாரிட்ஸ்பர்க்_மணி
போடக்கூடாது. சுருக்குகிறவர் ஸ்லைடில் இல்லாததைச் சேர்த்தால் அது சுருக்கம் இல்லை, உங்கள் சொந்த ஆய்வு. சதவீதத்தை எடுத்துவிட்டு, 11-ம் 14-ம் வெவ்வேறு எண்ணிக்கை பிள்ளைகளுக்கு என்று மட்டும் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை
நான் மாறுபடுகிறேன். தெரிந்த பிறகும் 11, 14 என்று எழுதினால், அடிக்குறிப்போடு எழுதினாலும், படிப்பவர் மனதில் மூன்று மதிப்பெண்தான் நிற்கும். டீச்சரிடம் சொல்லி ஸ்லைடு 7-ஐ முதலில் மாற்றச் சொல்லுங்கள், அந்தத் தலைப்பையும் சேர்த்து. பிறகு அதிலிருந்து எடுங்கள்.

பீனிக்ஸ்_பாலா
ஒன்றரை மதிப்பெண்ணுக்கு யார் காசு கொடுப்பார்?

செல்வி_சாட்ஸ்வர்த்
டீச்சர் ஸ்லைடை மாற்றிவிட்டார். என் சுருக்கம் இப்போது இப்படி இருக்கிறது: "பதிவு செய்த 40 பேரில் 28 பேர் இறுதித் தேர்வு எழுதினர். அவர்களின் வாசிப்புச் சராசரி 20-க்கு 12.5-லிருந்து 14 ஆனது. ஒப்பிட வேறு வகுப்பு இல்லாததால் இது குரல் பதிவின் பலன்தானா என்று சொல்ல முடியாது, பலன் இருக்கக்கூடும். அடுத்த டெர்மில் இன்னும் ஒரு மையத்தில், ஒப்பிட ஒரு வகுப்போடு, செய்து பார்க்க உதவி கேட்கிறோம்." "ஒப்பிட ஒரு வகுப்போடு" என்பதை டீச்சரே ஸ்லைடு 12-இல் சேர்த்தார். முன்பு எழுதியதைவிட மூன்று வரிதான் கூடுதல்.

பீனிக்ஸ்_பாலா
இது பரவாயில்லை, என்ன கேட்கிறோம் என்பதாவது தெளிவாக இருக்கிறது. காசு வருமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஒன்று பார்த்துக்கொள்: படித்ததும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி "அந்த 12 பேர் ஏன் போனார்கள்?" ஸ்லைடில் பதில் இருக்கிறதா?

செல்வி_சாட்ஸ்வர்த்
இல்லை, நோட்ஸிலும் இல்லை. டீச்சருக்கும் தெரியவில்லை. அதனால் இன்று மாலை வீடு வீடாகப் போன் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று வீடு. அதில் இரண்டு வீட்டில் டேட்டா போட முடியவில்லை என்றார்கள். லெனேசியா அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள்.