[கலைச்சொல்] கட்டட வரைபடம் விதிக்கு ஒவ்வாத இடம்: மீறலா, முரணா?

அனுப்புநர்: கவிதா

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு வரைபடத்தைக் கட்டட விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் திறமூல நிரல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 தான் அடிப்படை. வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொடுத்தால் மனை எல்லைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, கட்டட உயரம், தளப்பரப்புக் குறியீடு மூன்றையும் பார்க்கும். விதிக்கு ஒவ்வாத ஒவ்வொன்றையும் தனிப் பதிவாகத் திருப்பித் தரும். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

```json
{
  "rule": "side_setback",
  "edge": "right",
  "required_m": 1.5,
  "measured_m": 1.249,
  "at": [7.5, 16.5]
}
```

செட்பேக்குக்கு முன் இடைவெளி, பக்க இடைவெளி, பின் இடைவெளி என்று வைத்துவிட்டேன். அதில் சிக்கல் இல்லை. இந்தப் பதிவுக்கு ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு "விதிமீறல்" என்று போட்டிருக்கிறேன். `measured_m` என்பதற்கு "உள்ள அளவு". இரண்டுமே எனக்கு முழு நிறைவு தரவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

அனுப்புநர்: நசீர்

கவிதா, பெயரை அப்புறம் பார்க்கலாம். அந்த 1.249 எங்கிருந்து வந்தது? நான் வரைந்த ஒரு வரைபடத்தை உங்கள் நிரலில் போட்டுப் பார்த்தேன். வலப் பக்கம் 1500 என்று மில்லிமீட்டரில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் வேறு எண்ணைச் சொல்கிறது. நிரலில்தான் பிழை என்று நினைக்கிறேன். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அனுப்புநர்: முத்துக்குமரன்

நசீர் தம்பி, நிரல் சரியாகத்தான் சொல்கிறது. நகரமைப்பில் வரைபட ஆய்வு பார்த்தே பணிக்காலம் முடிந்தவன் நான், இதை விளக்கிவிடுகிறேன். கவிதா அனுப்பிய மாதிரிக் கோப்பு அதே மனைதானே?

மனையின் முன் அகலம் 9.3 மீ, பின் அகலம் 8.7 மீ, ஆழம் 18 மீ. இடப் பக்க எல்லை நேராக இருக்கிறது. வலப் பக்க எல்லை பின்னால் போகப்போக உள்ளே சாய்கிறது. கட்டடம் 6 மீ அகலம், 15 மீ நீளம். இடப் பக்கம் 1.5 மீ, முன்னும் பின்னும் 1.5 மீ விட்டிருக்கிறீர்கள். இரு பக்கமும் 1.5 மீ வேண்டும் என்று விதி வைத்துப் பார்ப்போம். வலச் சுவரின் முன் மூலையில் ஏறக்குறைய 1.75 மீ இருக்கிறது. பின் மூலையில் 1.25 மீதான் இருக்கிறது. சுவரின் நடுப்பகுதியில் கோடு போட்டு 1500 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் அது உண்மை. ஆனால் விதி கேட்பது நடுவில் எவ்வளவு என்று இல்லை, மிகக் குறைந்த இடத்தில் எவ்வளவு என்று. எல்லைக் கோட்டுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். அப்படி அளந்தால் 1.249 வரும்.

இன்னொன்று. இந்தக் கோப்பில் உள்ள 1500 நேர்மையாக அளந்து வந்த எண். பல கோப்புகளில் அப்படி இருக்காது. அளவுக் கோட்டின் எழுத்தைக் கையால் மாற்றிவிடுவார்கள். கோடு 1249 நீளம் இருக்கும், மேலே 1500 என்று எழுதியிருக்கும். காகிதத்தில் பார்த்த காலத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் நிரல் எழுத்தைப் படிக்கவே கூடாது, கோட்டைத்தான் அளக்க வேண்டும். எழுத்தும் அளவும் வேறுபட்டால் அதையும் ஒரு எச்சரிக்கையாகச் சொன்னால் நல்லது.

குறைவு எந்த இடத்தில் என்று காட்டும் அந்த `at` மிகவும் முக்கியம் கவிதா. இந்தச் சுவரில் பின் பாதி, அதாவது ஏறக்குறைய 7.5 மீ நீளம் மட்டுமே குறைவாக இருக்கிறது. அது தெரிந்தால் பின்னறையை மட்டும் கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ளி வரைந்துவிடலாம். "பக்க இடைவெளி போதாது" என்று மட்டும் திருப்பி அனுப்பினால் முழு வீட்டையும் ஒடுக்கிக்கொண்டு வருவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அனுப்புநர்: தேன்மொழி

ஐயா சொன்னதிலிருந்தே ஒன்று தெளிவாகிறது. "உள்ள அளவு" பொருந்தாது. வீடு இன்னும் கட்டவில்லை, மனையில் எதுவும் இல்லை. வரைபடத்தில் எழுதிய அளவு ஒன்று, கோட்டை அளந்து பெற்ற அளவு ஒன்று. எனவே வேண்டிய அளவு, எழுதிய அளவு, அளந்த அளவு என மூன்றாகப் பிரிக்கலாம்.

அதே காரணத்தால் "மீறல்" என்ற சொல்லும் எனக்கு நெருடுகிறது. மீறுவதற்குச் செயல் நடந்திருக்க வேண்டும். அனுமதிக்கு முன்பு வரைபடத்தைக் கொடுத்துச் சரிபார்ப்பவர் எதையும் மீறவில்லை. வரைபடம் விதியோடு முரண்படுகிறது, அவ்வளவுதான். "விதிமுரண்" என்று வைக்கலாமா?

அனுப்புநர்: ஜெயந்தி

வணக்கம், நான் குழுவுக்குப் புதிது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பக்கம் இடமே விடாமல் மாடி எழுப்பிவிட்டார். மழைத் தண்ணீர் எங்கள் சுவரில்தான் இறங்குகிறது. புகார் கொடுத்தால் அனுமதி வாங்கிய வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அந்த வரைபடத்தை உங்கள் நிரலில் போட்டால் எத்தனை அடி குறைவு என்று ஆதாரம் கிடைக்குமா?

அனுப்புநர்: முத்துக்குமரன்

ஜெயந்தி அம்மா, கிடைக்காது. அவர் வரைபடத்தில் இடம் விட்டிருக்கிறார், கட்டும்போது விடவில்லை. அந்த வரைபடத்தை எத்தனை முறை சோதித்தாலும் சரி என்றே வரும். உங்களுக்கு வேண்டியது அனுமதித்த வரைபடத்தையும் நேரில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒப்பீடு. உங்கள் மனையின் எல்லையைச் சர்வேயர் வைத்து அளந்து கல் காட்டச் சொல்லுங்கள். எல்லை தெரியாமல் இடைவெளி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அனுமதித்த வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

தேன்மொழி, இந்த அம்மாவின் வழக்கே உங்கள் பக்கம் பேசுகிறது. அது மீறல். கவிதாவின் பதிவு முரண். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குழப்பம் வரும்.

அனுப்புநர்: நசீர்

சரி, இடைவெளியை ஒப்புக்கொள்கிறேன். பின் மூலையை நான் பார்க்கவில்லை. ஆனால் தளப்பரப்புக் குறியீட்டுக்கு இவ்வளவு விவரம் எதற்கு? அதே மனையில் நான்கு தளம். தளத்துக்கு 90 சதுர மீட்டர், மொத்தம் 360. மனை 162. வகுத்தால் 2.22. உச்சம் 2.0. "அளந்த அளவு 2.22" என்று ஒரே எண் போதாதா?

அனுப்புநர்: முத்துக்குமரன்

போதாது. 2.22 என்று கேட்ட வீட்டுக்காரர் எதை வெட்டுவார்? 162 சதுர மீட்டர் மனையில் 324 வரை கட்டலாம், 36 கூடுதலாக இருக்கிறது என்றால் ஓர் அறையும் பால்கனியும் போக வேண்டும் என்று அவருக்கே விளங்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் 2.22 தவறாகவே இருக்கலாம். கீழ்த்தளம் தூண்கள் மட்டும் உள்ள வண்டி நிறுத்துமிடம்தானே? விதியில் சொன்னபடி அமைந்த நிறுத்துமிடப் பரப்பு கணக்கில் சேராது. அதைக் கழித்தால் 270, வகுத்தால் 1.67. முரணே இல்லை. வரைந்தவர் நிறுத்துமிடத்தின் எல்லைக் கோட்டை அதற்குரிய அடுக்கில் போடாமல் குடியிருப்பு அடுக்கில் போட்டிருப்பார், நிரல் சேர்த்துக் கூட்டியிருக்கும். வெறும் 2.22 என்று வந்தால் இந்தத் தவறு யார் கண்ணிலும் படாது. தளவாரியாக 90, 90, 90, 90 என்று காட்டினால் "கீழே எப்படி 90 வந்தது" என்று உடனே கேட்பீர்கள். வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் பதிவில் இருந்தே ஆக வேண்டும்.

உயரத்துக்கும் இதேதான். தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்கு 7 மீட்டர்தான் உச்சம் என்று வைத்துக்கொள்வோம். தளம் ஒவ்வொன்றும் 3.15 மீ என்றால் 6.3 தானே என்று நினைப்பார்கள். வெள்ளத்துக்குப் பயந்து அடித்தளத்தை 0.9 மீ உயர்த்தியிருப்பார்கள். தரையிலிருந்து அளந்தால் 7.2. எங்கிருந்து எங்கே வரை அளந்தது என்று சொல்லாத உயரத்துக்கு மதிப்பில்லை.

அனுப்புநர்: கவிதா

மிக்க நன்றி ஐயா. பரப்புப் பதிவில் தளவாரிப் பட்டியலைச் சேர்க்கிறேன். உயரத்துக்குத் தொடக்க மட்டம், முடிவு மட்டம் இரண்டும் வரும்.

"விதிமுரண்" எனக்குப் பிடித்திருக்கிறது. வேறுபாட்டுக்கும் ஒரு சொல் வேண்டும். இடைவெளியில் வரும் 0.251 குறைவு, உயரத்தில் வரும் 0.2 கூடுதல். பொதுவாக "முரணளவு" என்று வைக்கவா?

சோதனையில் இன்னொன்று வந்தது. ஒரு வரைபடத்தில் பதிவு இப்படி வருகிறது: வேண்டிய அளவு 1.50, அளந்த அளவு 1.50, விதிமுரண். படிப்பவர் சிரிப்பார். உள்ளே உண்மை எண் 1.4986.

அனுப்புநர்: நசீர்

அது எனக்குத் தெரியும்! 4 அடி 11 அங்குலம். அடிக்கணக்கில் வரைந்துவிட்டு மீட்டருக்கு மாற்றினால் சரியாக 1.4986 வரும். எங்களில் பாதிப் பேர் அடியில்தான் யோசிக்கிறோம். ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை, பூச்சு வேலையிலேயே போய்விடும். முதலில் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கிவிட்டு அப்புறம் ஒப்பிட்டால் தீர்ந்தது.

அனுப்புநர்: முத்துக்குமரன்

அப்படிச் செய்தால் 1.495 விட்டவரும் தேறிவிடுவார். விதியில் "குறைந்தது" என்று இருக்கிறது. ஒப்பிடும்போது முழுமையாக்காத எண்ணை வைத்து ஒப்பிடுங்கள், காட்டும்போது மூன்று இலக்கம் காட்டுங்கள். 1.499 என்று பார்த்தால் வரைந்தவருக்குக் காரணம் புரியும், 5 அடி என்று மாற்றிவிடுவார். சிறு வேறுபாட்டுக்குச் சலுகை தர வேண்டும் என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று அறிக்கையின் தலைப்பிலேயே எழுதுங்கள். நிரலுக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

அனுப்புநர்: நசீர்

இதில் நான் உடன்படவில்லை ஐயா. வரைபடத்தில் அந்தத் துல்லியம் கேட்டுவிட்டு, கட்டும்போது ஓர் அங்குலம் தள்ளிப்போவதை யார் பார்க்கிறார்கள்?

அனுப்புநர்: தேன்மொழி

"முரணளவு" வேண்டாம் கவிதா. தமிழில் "குறை", "மிகை" இரண்டும் கையில் இருக்கின்றன. குறை 0.251 மீ, மிகை 36 ச.மீ. என்றால் எந்தப் பக்கம் தவறியது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஒரே பொதுப் புலம் வேண்டும் என்று நிரல் கேட்டால் "குறைமிகை" என்று வையுங்கள்.

அனுப்புநர்: கவிதா

நல்ல சொல். எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. மனை எல்லைக் கோடு ஒரு மூலையில் சேராமல் சில மில்லிமீட்டர் திறந்திருந்தால் பரப்பையும் இடைவெளியையும் நம்பி எடுக்க முடியாது. பழைய பதிப்பில் அப்போது 0 என்று போட்டு, இடைவெளி 0 மீ என்று முரண் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதைத் தனி நிலையாகப் பிரித்திருக்கிறேன். "அளவிலி" என்று பெயர் வைத்தால்?

அனுப்புநர்: தேன்மொழி

அளவிலி என்றால் எல்லையற்றது, முடிவில்லாதது என்று பொருள் போகும். மனை எல்லையைப் பற்றிய பதிவில் அதைப் போட முடியாது. "அளக்க இயலவில்லை" என்று தொடராகவே விட்டுவிடுங்கள். பெயர்ச்சொல்லாகத்தான் வேண்டும் என்றால் எனக்கு இன்னும் எதுவும் தோன்றவில்லை.

அனுப்புநர்: முத்துக்குமரன்

சொல் எதுவானாலும், ஏன் அளக்க இயலவில்லை, எந்த மூலையில் கோடு திறந்திருக்கிறது என்பதும் அந்தப் பதிவில் இருக்கட்டும். அதுவும் இல்லாமல் 0 என்று வந்தால், வரைந்தவர் சுவரை நகர்த்த ஆரம்பித்துவிடுவார்.