தனிநாயகம் அடிகளின் தாய்மொழி என்று எதைப் போடுவது?

கரம்பொன் பொடியன்:
எங்கள் வாசிகசாலையில் கத்தோலிக்கக் குருவும் தமிழறிஞருமான தனிநாயகம் அடிகளுக்கு ஒரு விளக்கப் பலகை வைக்கிறார்கள், எழுதுகிற வேலை என் தலையில். கையில் இரண்டு நினைவு மலர்கள் இருக்கின்றன. ஒன்று, ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர், முப்பது வயதுக்குக் கிட்டத்தான் தமிழ் கற்றார் என்கிறது. மற்றது, பிறவித் தமிழ்ப் புலவர் என்கிறது. தாய்மொழி என்ற இடத்தில் நான் எதைப் போடுவது?

கோப்பாய் மாஸ்ரர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? ஆங்கிலம்தான். 1920களில் ஊர்காவற்றுறை அந்தோனியார், பிறகு 1930 வரை யாழ்ப்பாணம் பத்திரிசியார், அதற்குப் பிறகு கொழும்புக் குருமடம், 1934 இலிருந்து 1939 வரை உரோமாபுரி. இதில் எந்த இடத்தில் தமிழில் படித்தார்? 1940 இல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து தமிழ் கற்றார். அப்போது வயது இருபத்தேழு. அந்த வயதில் கற்ற மொழியைத் தாய்மொழி என்று பலகையில் எழுதினால் சிரிப்பார்கள். ஊர்ப் பற்று வேறு, வரலாறு வேறு.

பழைய ஏடு:
மாஸ்ரர் சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரி. ஆனால் அவை பள்ளிக்கூடத்தின் வரலாறு. வீட்டின் வரலாறு அதில் இல்லை.

வடக்கன்குளத்தில் அவர் கற்றது என்ன என்று பாருங்கள். பேச்சையோ எழுத்துக்கூட்டி வாசிப்பதையோ அல்ல. இலக்கணத்தையும் பழைய இலக்கியத்தையும். 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். சங்கப் பாட்டைப் பாடமாக எடுக்கிற வகுப்பில் ஐந்து வருடத்துக்கு முன்தான் தமிழ் பேசத் தொடங்கிய ஒருவர் உட்கார முடியுமா? ‘தமிழ் கற்றார்’ என்று ஒரு மலரில் எழுதினால், அடுத்த மலர் அதை ‘அதுவரை தமிழ் தெரியாது’ என்று மாற்றிவிடுகிறது. இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு தாவலில்தான் நிற்கிறது.

1913 இல் கரம்பொனில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பிள்ளையின் காதில் என்ன விழுந்திருக்கும்? பூசை இலத்தீனில். ஆனால் செபமாலை, தவசு காலத்து வியாகுலப் பிரசங்கம், கூத்து, சண்டை, ஒப்பாரி எல்லாம் தமிழில். தீவகத்து வீட்டில் வேறு மொழி கதைத்தார்கள் என்றால் அதற்குச் சான்று காட்ட வேண்டியவர் அப்படிச் சொல்பவர்.

ரொறன்ரோ மாமி:
என்ர மகனும் இதே மாதிரித்தான். வீட்டில் தமிழ் கதைப்பான், வாசிக்கச் சொன்னால் திருதிருவென்று முழிப்பான். பள்ளிக்கூடப் படிவத்தில் முதல்மொழி என்று நான் தமிழ் போட்டேன், அவன் வெட்டிவிட்டு ஆங்கிலம் போட்டான். பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு நடத்துகிற ஆரையாவது தெரியுமா?

பழைய ஏடு:
அக்கா, அதற்குத் தனியாகக் கேளுங்கள், ஆட்கள் சொல்லுவார்கள். ஆனால் உங்கள் மகன் இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம். வாசிக்கத் தெரியாததால் தமிழ் அவனுடைய வீட்டு மொழி இல்லையென்று ஆகாது.

கோப்பாய் மாஸ்ரர்:
சரி, அப்படியென்றால் கலை வரலாறு எழுதிய ஆனந்த குமாரசுவாமிக்கும் தாய்மொழி தமிழ் என்று எழுதுவீர்களா? தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி யாழ்ப்பாணத்து வழி வந்த தமிழர்தானே.

பழைய ஏடு:
எழுத மாட்டேன். அங்கே பிழை எதிர்ப்பக்கமாக நடக்கிறது. அவர் 1877 இல் கொழும்பில் பிறந்தார். தாய் ஆங்கிலேயப் பெண். இரண்டு வயதுக்குள் தாயோடு இங்கிலாந்து போனார். 1879 இல் தகப்பன் காலமானார். அதன் பிறகு பேசி வளர்ந்தது, படித்தது எல்லாம் ஆங்கிலம். இலங்கைப் பிள்ளைகள் தங்கள் மொழியில் படிக்க வேண்டும் என்று பின்னர் வாதாடியதும் ஆங்கிலத்தில்தான். தகப்பனின் இனத்தைப் பார்த்து மகனின் தாய்மொழியை நிரப்பக் கூடாது. பள்ளிக்கூடத்தைப் பார்த்து அடிகளின் தாய்மொழியை அழிக்கவும் கூடாது. பிள்ளைப் பருவத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் யார், அவர்கள் என்ன கதைத்தார்கள் என்பதுதான் இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி.

சுண்டுக்குளி வாசகி:
இந்தக் குழப்பம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு நான் இரண்டு காரணம் பார்க்கிறேன்.

ஒன்று, மலர் எழுதுகிறவருக்குக் கிடைப்பது சேர்வுப் பதிவேடு, சான்றிதழ், குருமடத்துத் தாள். எல்லாவற்றிலும் திகதி இருக்கும். அம்மா சோறு தீத்தும்போது கதைத்தது எந்தத் தாளிலும் இல்லை. எனவே கல்வி என்ற பகுதி மூன்று பக்கம் போகிறது, வீடு ‘கத்தோலிக்கப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார்’ என்ற ஒரு வரியோடு முடிகிறது. அடுத்து எழுதுகிறவர் அந்த மூன்று பக்கத்தை வைத்து வீட்டையும் ஊகித்துவிடுகிறார்.

மற்றது எங்களிலேயே இருக்கிறது. 1940களில் கீழ் வகுப்புகளில் தாய்மொழியில் படிப்பிக்கத் தொடங்கி, 1950களில் மேல் வகுப்புகளுக்கும் அது ஏறியது. பிள்ளையின் வீட்டு மொழியைப் பார்த்துத்தான் எந்த வகுப்பு என்று தீர்மானித்தார்கள். அதற்குப் பிறகு படித்த எங்களுக்கு வகுப்பறை மொழியும் வீட்டு மொழியும் ஒன்றுதான் என்ற பழக்கம் ஊறிவிட்டது. அடிகளின் காலத்தில் கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளி ஒருபக்கம், இலவசத் தமிழ்ப் பள்ளி மறுபக்கம். ஆங்கிலப் பள்ளிக்குப் போனது தகப்பனின் கையில் இருந்த காசையும் உத்தியோக ஆசையையும் காட்டும். வீட்டு மொழியைக் காட்டாது.

ஆனால் பழைய ஏடு ஐயாவும் கொஞ்சம் வேகமாகப் போகிறார். வசதியுள்ள கத்தோலிக்க வீடுகளில் ஆங்கிலமும் கலந்து ஓடியது. யாழ்ப்பாணத்தில் 1876 இலிருந்து கத்தோலிக்கப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. இரண்டையும் வாங்குகிற ஆட்கள் இருந்தபடியால்தானே? செபமாலையை வைத்து முழு வீட்டையும் தமிழாக்குவதும் ஊகம்தான்.

பழைய ஏடு:
கலப்பு இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. கலப்பும் தமிழ் தெரியாமையும் ஒன்றல்ல. குருமடத்துக் காலத்தில் வீட்டாருக்குப் போன கடிதங்கள் கிடைத்தால் முதலில் அவை எந்த மொழியில் இருக்கின்றன என்று பார்ப்பேன். பேராயருக்கு எழுதிய கடிதம் இதற்கு உதவாது, அது உத்தியோக மொழி.

பொது வாழ்வு மூன்றாவது விடயம், அதையும் இதற்குள் போட்டுக் குழப்புகிறார்கள். 1952 இல் அவர் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கில இதழ். சங்கப் பாட்டில் இயற்கை பற்றிய அவருடைய நூலும் ஆங்கிலம். தமிழ் தெரியாததாலா? அதே காலத்தில் ‘தமிழ்த்தூது’ தமிழில் வந்தது. வெளிநாட்டு அறிஞர்களிடம் தமிழைக் கொண்டுபோக ஆங்கிலம் வேண்டியிருந்தது. யாருக்காக எழுதினார் என்று பார்க்காமல் மொழியை எண்ணினால் இந்த முடிவுதான் வரும்.

கோப்பாய் மாஸ்ரர்:
எல்லாம் சரி, ஒருவர் எந்த மொழியில் கனவு காண்கிறாரோ அதுதான் அவருடைய மொழி. பத்து வயதிலிருந்து ஆங்கிலப் பாடத்தில் மூழ்கியவர் ஆங்கிலத்தில்தான் யோசித்திருப்பார். நான் மாறவில்லை.

சுண்டுக்குளி வாசகி:
மாஸ்ரர், கனவுக்குச் சேர்வுப் பதிவேடு கிடையாது.

கரம்பொன் பொடியன்:
இப்படிப் போடுகிறேன், பாருங்கள்: ‘வீட்டு மொழி தமிழ். ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்தார். குருத்துவக் கல்வியை உரோமாபுரியில் முடித்தார். 1940க்குப் பின் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்று, 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்.’ தாய்மொழி என்ற தலைப்பையே எடுத்துவிட்டேன்.

பழைய ஏடு:
நல்லது தம்பி. ‘முறையாக’ என்ற சொல்லை இடமில்லை என்று யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்.

கோப்பாய் மாஸ்ரர்:
‘வீட்டு மொழி தமிழ்’ என்பதற்கு நீங்கள் இன்னும் ஒரு கடிதம்கூடக் காட்டவில்லை.

சுண்டுக்குளி வாசகி:
அது நியாயம். பொடியன், ஊரில் அவருடைய சொந்தக்காரர் யாராவது இருந்தால், பலகை அச்சுக்குப் போக முன்னம் போய்க் கேள். பழைய கடிதம், செபப் புத்தகத்தின் முன்பக்கத்து எழுத்து, எதுவானாலும் படம் பிடித்துப் போடு.