ஒரே பில் இரண்டு போட்டோவாக ஏறுகிறது: எப்படிப் பிடிப்பது?

தாள்பூச்சி

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் பில்லை போனில் படம் எடுத்து ஏற்றுவார்கள். ஓசிஆர் அதைப் படித்து சப்ளையர் பெயர், பில் நம்பர், தேதி, தொகை நான்கையும் எடுத்துக் கொடுக்கும். சிக்கல் என்னவென்றால் ஒரே பில்லை இரண்டு பேர் இரண்டு நாளில் தனித்தனியாகப் படம் எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். போன மாதம் ஒன்றுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது.

அதனால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். நான்கு விவரத்தையும் ஒரே வரியாக ஒட்டி, பைத்தானின் `difflib` வைத்து ஒவ்வொரு வரியையும் மற்ற வரிகளோடு ஒப்பிடுகிறேன். 0.90க்கு மேல் வந்தால் டூப்ளிகேட். பெயரை மட்டும் மாற்றி இரண்டு ஜோடிகளைத் தருகிறேன்:

```
ABC PAPER CO|INV-00518|2024-03-04|2310.00
ABC PAPER COMPANY|INV-O0518|2024-04-03|2100.00   -> 0.85

XYZ RENT|2207|2024-05-01|450.00
XYZ RENT|2208|2024-06-01|450.00                  -> 0.94
```

முதல் ஜோடி ஒரே தாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அது தப்பிவிட்டது. இரண்டாவது ஜோடி மெஷின் வாடகை, மே மாதத்துக்கு ஒன்று, ஜூனுக்கு ஒன்று. அதைப் போய் டூப்ளிகேட் என்கிறது. 0.90ஐ 0.84 ஆக்கினால் முதலாவது சிக்கும், ஆனால் எல்லா வாடகை பில்லும் கூடவே வந்து விழும். எந்த எண்ணை வைப்பது?

பிட்டுபைட்டு

எழுத்தை ஏன் ஒப்பிடுகிறீர்கள்? படத்தையே ஒப்பிட்டால் ஆயிற்று. ஃபைலுக்கு SHA-256 போடுங்கள், ஒரே ஃபைல் என்றால் அங்கேயே நின்றுவிடும். வேறு படம் என்றால் pHash. இரண்டு படமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தால் அது சொல்லிவிடும். வேலை முடிந்தது.

கைபேசி_நிறைந்தது

எனக்கும் இதே தொல்லைதான். கேலரி முழுக்க ஒரே படம் மூன்று நான்கு. கிளீனர் ஆப் ஒன்று போட்டேன், ஒரே நாளில் பாதி இடம் காலியாகிவிட்டது. அதை முயன்று பார்க்கலாமே?

தாள்பூச்சி

நண்பரே, இடம் பிரச்சினை இல்லை, பணம்தான். எந்தப் படத்தையும் அழிக்கக்கூடாது, தணிக்கைக்கு வேண்டும்.

கறுப்பு_மை

எந்த எண் வைத்தாலும் சரிவராது. அளவுகோலே தப்பு. `difflib` எத்தனை எழுத்து பொருந்துகிறது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். பில் நம்பரில் 7க்கு பதில் 8 இருந்தால் அதற்கு அது ஒரே ஒரு எழுத்து. ஆனால் கணக்கில் 2207ம் 2208ம் அடுத்தடுத்த இரண்டு பில். மறுபக்கம், சைபர் இருந்த இடத்தில் O வந்தால் அதற்கும் ஒரு எழுத்துதான். ஆனால் அது பெரும்பாலும் ஓசிஆர் செய்த பிழை. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் இப்படித்தான் தலைகீழாக வரும்.

உங்கள் முதல் ஜோடியை எடுத்து, இது அதுவாக மாற எந்தப் பிழை நடந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நம்பரில் 0, O ஆகியிருக்கிறது. தேதி தாளில் 03/04 என்று இருந்திருக்கும். ஒரு முறை மாதம்-நாள், ஒரு முறை நாள்-மாதம் என்று படித்திருக்கிறது. தொகையை இங்கிருந்தே சொல்கிறேன், சரியா பாருங்கள்: இரண்டாவது படத்தில் தாளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். மொத்தம் தெரியாததால் வரிக்கு முந்தைய 2100ஐ எடுத்துக்கொண்டது. வரி 210, சேர்த்தால் 2310.

பிட்டுபைட்டு சொன்னதில் பாதி சரி. SHA-256ஐ முதலில் வையுங்கள், செலவே இல்லை. ஆனால் அதே ஃபைல் ஒரு பிட் மாறாமல் திரும்ப வந்தால்தான் அது பிடிக்கும். மெசேஜ் ஆப் வழியாக அனுப்பினாலே படம் சுருங்கி ஹேஷ் மாறிவிடும். pHash இங்கே ஆபத்து. ஒரே சப்ளையரின் எல்லா பில்லும் ஒரே அச்சு: அதே லோகோ, அதே கட்டம். ஒரே பில்லைச் சாய்த்து எடுத்த படத்தைவிட, அதே சப்ளையரின் வேறு பில்லை நேராக எடுத்த படம் அதற்கு நெருக்கமாகத் தெரியும்.

தாள்பூச்சி

போய்ப் பார்த்தேன். அப்படியேதான்! இரண்டாவது படத்தில் தாளின் கீழ் ஓரம் மடங்கியிருக்கிறது. வரியும் மொத்தமும் தெரியவில்லை. சரி, இதை ஸ்கிரிப்டில் எப்படிச் சொல்வது?

கறுப்பு_மை

நான்கையும் ஒட்டாதீர்கள். ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கெடும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பீடு.

முதலில் சப்ளையர். பெயரை நம்பவே வேண்டாம், CO என்பான், COMPANY என்பான். தாளில் வரிப் பதிவு எண் இருந்தால் அதை வைத்து, இல்லையென்றால் உங்கள் சப்ளையர் பட்டியலில் உள்ள ஐடியோடு இணைத்துவிடுங்கள். பிறகு ஒரே சப்ளையருக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். 518 என்ற நம்பர் பத்து சப்ளையரிடம் இருக்கும், அதற்கு அர்த்தம் இல்லை.

நம்பருக்கு ஒரு சாவி செய்து தனிப் பத்தியில் வையுங்கள். மூலத்தை மாற்றாதீர்கள்.

```python
import re

FOLD = str.maketrans("OILSBZ", "011582")

def key(no):
    return re.sub(r"[^A-Z0-9]", "", no.upper()).translate(FOLD)
```

INV-00518, INV-O0518 இரண்டுமே `1NV00518` ஆகும். பார்க்க அசிங்கமாக இருக்கும், யாரும் பார்க்கப்போவதில்லை. 2207, 2208 தனித்தனியாகவே நிற்கும்.

தேதியில், நாள் 12க்குள் இருந்தால் இரண்டு விதமாகவும் படித்து இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று ஒத்தால் ஒத்ததாகக் கொள்ளலாம். தொகையில், மொத்தம் என்று ஒரே எண்ணை எடுக்காமல் தாளில் படித்த எல்லாத் தொகையையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் 2100, 210, 2310. மறு படத்தில் 2100 மட்டும். பொதுவாக ஒன்று இருந்தால் போதும். மிதவை எண்ணாக வைக்காமல் சதக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள், 231000 என்று.

இனி முடிவு. சப்ளையரும் சாவியும் ஒத்து, தேதி அல்லது தொகையில் ஒன்றாவது ஒத்தால் பணம் போவதை நிறுத்தி வையுங்கள். சாவி மட்டும் ஒத்து மற்ற இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஆள் பார்க்கட்டும். சில சப்ளையர் வருடா வருடம் 1லிருந்து நம்பரைத் தொடங்குவார்கள். சாவி வேறு, ஆனால் தேதியும் தொகையும் ஒன்று என்றாலும் ஆள் பார்க்கட்டும். சாவியும் வேறு, தேதியும் வேறு என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் வாடகை பில் அங்கே போய்விடும்.

செலவுக்கணக்கு

ஒரு எச்சரிக்கை, எங்களிடம் நடந்தது. சப்ளையர் விலையைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதே நம்பர், அதே தேதியில் தொகையைக் குறைத்துத் திருத்திய பில் அனுப்பினார். எங்கள் சிஸ்டம் பின்னால் வந்ததை டூப்ளிகேட் என்று ஒதுக்கிவிட்டது. பழைய, அதிகமான தொகையைக் கட்டினோம். மூன்று மாதம் கழித்து அவர்களே சொன்ன பிறகுதான் தெரிந்தது. நம்பர், தேதி ஒன்றாக இருந்தால் நிறுத்து என்ற விதியில் இது மாட்டும் அல்லவா?

கறுப்பு_மை

மாட்டும். அதனால்தான் "நிறுத்தி வை" என்றேன், "ஒதுக்கு" என்று சொல்லவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும். இரண்டிலும் மொத்தம் தெளிவாகப் படிக்கப்பட்டு, எந்தத் தொகையும் பொதுவாக இல்லை என்றால், திருத்திய பில்லாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பும் போடலாம். ஒரு படத்தில் மொத்தமே இல்லை என்றால் அது மடங்கிய தாள்.

பிட்டுபைட்டு

pHash விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் `key`யில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆங்கிலம் அல்லாத எழுத்து எல்லாம் பறந்துவிடும். பில் புத்தகம் அ/518, ஆ/518 என்று இருந்தால் இரண்டும் 518.

கறுப்பு_மை

சரியான பிடி. நான் எழுத்தை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். பிரிக்கும் குறிகளை மட்டும் நீக்குவதுதான் நல்லது: `r"[\s\-/.,#_]+"`. `\W` போட்டாலும் ஆகாது, பைத்தானின் `re`யில் அது தமிழ்க் கால், கொம்பு எல்லாவற்றையும் சேர்த்து அடித்துவிடும். "க"வும் "கா"வும் ஒன்றாகிவிடும்.

தாள்பூச்சி

மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஐந்து மாதத்துக்கான 640 பில்லில் 9 ஜோடி வந்தது, வாடகை ஒன்றுகூட இல்லை. 7 உண்மையான டூப்ளிகேட். அதில் இரண்டு எங்களுக்கே தெரியாமல் கட்டியவை, திரும்பக் கேட்டு எழுதியாயிற்று. எட்டாவது ஒரே பில்லின் முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும். இரண்டாம் பக்கத்திலும் நம்பர், தேதி அச்சாகியிருந்தது. ஒன்பதாவது ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு தடவை சரக்கு வந்தது, நம்பர் வேறு, இரண்டும் நிஜம்.

இன்னும் ஒன்று. 1, 7 குழப்பம் நிறைய வருகிறது. `FOLD`இல் 7ஐ 1 ஆக்கிவிடலாமா?

கறுப்பு_மை

வேண்டாம். எழுத்தை எண்ணாக மடித்தால் அரிதாகத்தான் இரண்டு நிஜ பில் மோதும். எண்ணை எண்ணாக மடித்தால் 511, 517, 571, 577 எல்லாம் ஒன்றாகிவிடும். ஒரே சப்ளையரிடம் அவை நான்கும் நிஜமாகவே இருக்கும். 7ஐ 1 என்று படித்திருந்தால் தேதியும் தொகையும் ஒத்துப்போய், ஆள் பார்க்கும் பட்டியலில் வந்துவிடும்.

செலவுக்கணக்கு

நம்பரே இல்லாத கையெழுத்து பில்லுக்கு என்ன செய்கிறீர்கள்? எங்களிடம் அதுதான் அதிகம்.

தாள்பூச்சி

அதை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன். சப்ளையர், தேதி, தொகை மூன்றும் ஒத்தால் மட்டும் காட்டுகிறது. ஆனால் ஒரே நாளில் இரண்டு சின்ன பில் வாங்கினால் தினமும் கத்துகிறது.

கறுப்பு_மை

பொருள் வரிகளையும் படிக்க முடிந்தால் அவற்றைப் பாருங்கள். கையெழுத்தை ஓசிஆர் அந்த அளவுக்குப் படிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்றியதும் தாளின் மேல் ஒரு வரிசை எண்ணை முத்திரை குத்தச் சொல்லிப் பார்க்கலாம். ஏற்கெனவே முத்திரை உள்ள தாளை யாரும் திரும்பப் படம் எடுக்க மாட்டார்கள், கண்டுகொண்டால்.