பொருள்: ‘கேபிள் செலக்ட்’ – ‘வடத்தேர்வு’ சரியா?

அஸ்தம்பட்டி:
கணினி பழுதுபார்ப்புப் பயிற்சிக் கையேட்டுக்குச் சொற்பட்டியல் போடுகிறோம். டிஸ்க், டிவிடி டிரைவ்களை மதர்போர்டோடு இணைக்கும் பழைய ஐடிஇ கேபிள் ‘40 முள் வடம்’, பிறகு வந்தது ‘80 முள் வடம்’. கேபிள் செலக்ட் ‘வடத்தேர்வு’. மாஸ்டர், ஸ்லேவ் ‘ஆண்டான், அடிமை’. இரண்டு மடங்கு கம்பி இருப்பதால் இரண்டு மடங்கு தரவு போகும், அதனால் எண்ணிக்கை பெயரிலேயே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை:
ஐயா, எண்ணிக்கை இருக்கட்டும், ‘முள்’ வேண்டாம். இரண்டு கேபிளிலும் பிளக் ஒன்றேதான், 40 துளை. ‘80 முள்’ என்று படித்த பையன் கடையில் போய் இல்லாத பிளக்கைக் கேட்பான். கூடியிருப்பது கம்பி மட்டும். எங்கள் தறிக்காரத் தெருவில் ‘இழை’ என்றாலே போதும்: 40 இழை, 80 இழை. நாடாவின் அகலம் மாறவில்லை, இழைதான் மெலிந்து நெருங்கியிருக்கிறது.

புதிதாக வந்த 40 இழையில் தரவு எதுவும் போவதில்லை. ஒவ்வொரு பழைய இழைக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் இழை ஓடுகிறது. ஒன்றின் துடிப்பு அடுத்ததில் ஒட்டாமல் தடுப்பதே அதன் வேலை. அந்தத் தடுப்பு இருப்பதால்தான் நொடிக்கு 66, 100, 133 மெகாபைட் வேகங்கள் சாத்தியம். 40 இழையில் 33-க்கு மேல் நம்ப முடியாது.

‘ஆண்டான், அடிமை’ கையேட்டில் வேண்டவே வேண்டாம். ஏடிஏ தர ஆவணமே அவற்றைச் சாதனம் 0, சாதனம் 1 என்றுதான் சொல்கிறது. ஒன்று மற்றதை ஆள்வதும் இல்லை.

ஏற்காடு:
பெயர் எதுவானாலும் சரி, எங்கள் பள்ளிக் கணினிக்கு வழி சொல்லுங்கள். ஹார்டு டிஸ்க், டிவிடி ரைட்டர் இரண்டிலும் ஜம்பர் கேபிள் செலக்ட், அதாவது சி.எஸ்.-இல். பழைய கேபிளில் இரண்டுமே தெரியவில்லை. 80 கேபிள் மாட்டியதும் இரண்டும் தெரிகின்றன, ஆனால் லினக்ஸில் இப்படி வருகிறது:

```
limited to UDMA/33 due to 40-wire cable
```

மாட்டியிருப்பது 80 என்று எண்ணிப் பார்த்துவிட்டேன். டிஸ்க் கெட்டுவிட்டதா?

அம்மாபேட்டை:
டிஸ்க் நன்றாக இருக்கிறது. நீல பிளக் டிஸ்கில் இருக்கிறதா, பாருங்கள். நீலம் மதர்போர்டுக்கு, கடைசியிலுள்ள கறுப்பு சாதனம் 0-க்கு, நடுவிலுள்ள சாம்பல் சாதனம் 1-க்கு. நீலத்திலிருந்து நடு பிளக் வரை நீளம் அதிகம். பெட்டிக்குள் எட்டவில்லை என்று கேபிளைத் திருப்பி மாட்டுவது வழக்கமான தப்பு.

சி.எஸ். ஜம்பர் போட்ட டிரைவ் 28-ஆம் முள்ளைப் பார்க்கும். கிரவுண்ட் கிடைத்தால் தான் 0, கிடைக்காவிட்டால் 1. அந்த கிரவுண்டைக் கொடுப்பது மதர்போர்டு. சாதாரண 40 இழையில் அது இரண்டு டிரைவுக்கும் போய்விடுகிறது. இரண்டும் தன்னை 0 என்று எண்ணி மோதிக்கொள்வதால் ஒன்றும் தெரியவில்லை. 80 இழையில் சாம்பல் பிளக்கில் மட்டும் 28 இணைக்கப்படவில்லை. கேபிளைத் திருப்பினாலும் சாம்பல் நடுவில்தானே இருக்கிறது? அதனால் டிரைவுகள் சரியாகவே பிரிந்துகொள்ளும்.

வேகம் குறைவது 34-ஆம் முள்ளால். நீல பிளக்குக்குள் அது கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கும். மதர்போர்டு அதைத் தொட்டுப் பார்த்துத்தான் ‘இது 80’ என்று அறிகிறது. கறுப்பு பிளக்கில் அந்தக் கட்டு இல்லை. கம்பியை அது எண்ணுவதில்லை, பாவம்!

மின்சாரத்தை அணைத்து, கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஒலி வைத்துப் பாருங்கள். அடைபட்ட துளை 20. அதே வரிசையில், சிவப்புக் கோட்டிலிருந்து விலகும் பக்கமாக எண்ணினால் நான்காவது 28, ஏழாவது 34. நீலத்தின் 28-க்கும் கறுப்பின் 28-க்கும் இடையே ஒலிக்க வேண்டும், சாம்பலுக்கு ஒலிக்கக் கூடாது. சரியாக இருந்தால் நீலத்தை மதர்போர்டில் மாட்டுங்கள். எட்டாவிட்டால் டிஸ்கை வேறு தட்டுக்கு மாற்றுங்கள். 18 அங்குலத்துக்கு மேல் நீண்ட கேபிள் வாங்க வேண்டாம்.

சூரமங்கலம்:
அப்படியானால் ‘வடத்தேர்வு’ தப்பு. வடம் எதையும் தேர்வதில்லை, எந்த பிளக்கில் இருக்கிறோம் என்பதை டிரைவ்தான் பார்த்துக்கொள்கிறது. ‘இடத்தெரிவு’ என்போம்.

அஸ்தம்பட்டி:
40 இழையிலும் சி.எஸ். கேபிள் உண்டு என்கிறார்களே? அதில் நடு பிளக் 0 என்று கேள்வி.

அம்மாபேட்டை:
உண்டு. நடு பிளக்குக்கும் கடைசி பிளக்குக்கும் இடையே 28-ஆம் இழையில் ஒரு வெட்டு இருக்கும், அப்போது நடுதான் 0. அதனால்தான் ‘இடத்தெரிவு’ எனக்கு முழுதாக ஒப்பவில்லை: அதே நடு இடம் ஒரு கேபிளில் 0, மற்றதில் 1. தீர்மானிப்பது கேபிளுக்குள் இருக்கும் வெட்டு. ‘வடவழித் தெரிவு’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

சூரமங்கலம்:
ஜம்பர் பக்கத்தில் ஒட்ட அது நீளம். ‘இடத்தெரிவு’க்கே என் வாக்கு.

ஏற்காடு:
நீலம் டிஸ்கில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன், அந்த வரி இப்போது வருவதில்லை. டிவிடி ரைட்டர் மட்டும் இன்னும் 33 என்கிறதே?

அம்மாபேட்டை:
அதன் உச்சமே அதுவாக இருக்கும், விடுங்கள். டிவிடி 16 மடங்கில் ஓடினாலும் நொடிக்கு 22 மெகாபைட்தான்.